எங்கே பார்த்தீர்கள்?

வளையாபதி என்ற பெயரைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அந்தக் காப்பியம் இன்று நம்மிடம் இல்லை. அதன் ஏடு ஒன்று திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் இருந்தது. உ. வே. சாமிநாதையர் மாணவராக இருந்த காலத்தில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பழைய நூல்களில் அப்போது தமக்கு நாட்டம் பிறக்கவில்லை என்றும், பிறந்தபின் போய்த் தேடியபோது அந்தச் சுவடி அங்கே இல்லை என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அதன்பிறகு வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை.

அப்படியானால் வளையாபதிப் பாடல்கள் என்று இன்று அச்சில் இருப்பவை எங்கிருந்து வந்தன? எழுபதைச் சற்றே தாண்டும் அந்தப் பாடல்களில் 66 பாடல்கள் ஒரே ஒரு நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த நூலின் பெயர் புறத்திரட்டு. எஞ்சிய சில, பழைய உரையாசிரியர்கள் தங்கள் உரைகளுக்குள் மேற்கோளாகக் காட்டியவை. அதாவது இந்தக் காப்பியத்தில் இன்று நாம் படிக்கும் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் எடுத்துக்காட்டியதால் பிழைத்த வரி.

படப்பையில் இருக்கும் நம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, சான்று காட்டுவது ஏன் என்று நூலகர் என்ற முறையில் சொல்ல எனக்குக் கொடுத்திருப்பது சிறிது நேரம். அதற்குள் அடிக்குறிப்பில் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று சொல்லித் தரப்போவதில்லை. அது ஒரு பக்கத் தாளாக நூலக மேசையில் இருக்கிறது. சான்று எதைக் காக்கிறது என்பதை மட்டும், காத்ததையும் காக்கத் தவறியதையும் வைத்துச் சொல்கிறேன்.

புறத்திரட்டைத் தொகுத்தவர் பெயர் தெரியாது. பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். திருக்குறளின் அமைப்பைப் பின்பற்றி, அறம், பொருள் என்று பிரித்து, அதிகாரத் தலைப்புகளின் கீழே பல நூல்களிலிருந்து பொருத்தமான பாடல்களைத் திரட்டிவைத்தார். மொத்தம் 1,570 பாடல்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். வையாபுரிப்பிள்ளை இதை ஆராய்ந்து 1938இல் பதிப்பித்தார்.

நல்ல பாடல்களைத் தொகுத்தவர்கள் எத்தனையோ பேர். இவர் செய்த பெரிய வேலை, எடுத்த பாடல் எந்த நூலைச் சேர்ந்தது என்ற பெயரையும் ஏட்டில் குறித்துவைத்தது. அவர் காலத்தில் அந்த நூல்கள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வளையாபதிப் பாடலுக்குப் பக்கத்தில் வளையாபதி என்று எழுதுவது அன்று சிலருக்குத் தேவையற்ற வேலையாகக்கூடத் தோன்றியிருக்கும். அந்த ஒற்றைச் சொல்லை அவர் எழுதாமல் விட்டிருந்தால் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கும், வளையாபதி கிடைத்திருக்காது. யாருடையவை என்று தெரியாத நீதிப்பாடல்களாக அவை நின்றிருக்கும்.

முத்தொள்ளாயிரத்தின் கதையும் இதுவே. சேர, சோழ, பாண்டியர் மூவரையும் பாடிய அந்த நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலிருந்து எடுத்த 108 வெண்பாக்கள்தாம் இன்று நாம் முத்தொள்ளாயிரம் என்று கொண்டாடுவதன் பெரும்பகுதி. குண்டலகேசியில் 19 பாடல்கள் அதிலிருந்தே வந்தன. இன்றைய தருமபுரியான தகடூரில் நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரையில் 44 பாடல்கள் அதில் இருக்கின்றன. நூலின் பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான், சிதறிய பாடல்களை எடுத்து இது இந்த நூல், அது அந்த நூல் என்று பிரித்து அடுக்க முடிந்தது. தன் பெயரை எங்கும் குறிக்காத ஒருவர் மற்றவர்கள் பெயரை எல்லாம் குறித்துவைத்த அந்த ஏட்டின் முன் எனக்கு எப்போதும் மிகுந்த மரியாதை உண்டு.

உங்களில் பலர் இந்தப் பேச்சை வேறு விதமாக எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் என்று தெரியும். சான்று காட்டுவது என்றாலே மாணவர்களுக்கு இன்று நினைவுக்கு வருவது ஒரு சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாகக் கூடும்; 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகலாம். அந்த விதி தேவையானதுதான். ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒத்த சொற்களை மட்டுமே. ஒருவருடைய கருத்தை எடுத்துச் சொற்களை மாற்றி எழுதினால் அது பெரும்பாலும் சிக்காது. ஓர் அளவை எங்கிருந்தோ எடுத்து இடம் சொல்லாமல் எழுதினாலும் சிக்காது. ஒரு சான்றுகூட இல்லாத அறிக்கைக்குச் சுழியம் சதவீதம் வரக்கூடும். ஆகவே சதவீதம் குறைந்திருக்கிறது என்பதை வைத்து உங்கள் அறிக்கை ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். திருட்டைத் தடுப்பது சான்றின் வேலைகளில் ஒன்று. அதைவிடப் பெரிய வேலை, படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கான வழியைத் திறந்துவைப்பது.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா.வைச் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பு சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலை உ.வே.சா. சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. அன்றைய தமிழ்நாட்டின் மிகப் பெரிய புலவர்களில் ஒருவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அவர். அவருக்கே அந்த நூல்கள் பாடமாகவில்லை.

பிறகு சிந்தாமணி ஏட்டைப் படிக்கத் தொடங்கினார். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை இருந்தது. உரை இருந்தால் எளிதாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? உரைக்குள்ளே வரிக்கு வரி மேற்கோள்கள். சில இடங்களில் நூற்பெயர் இருந்தது. பல இடங்களில் ஓரடி, இரண்டடி மட்டும் கொடுத்து, ‘என்றார் பிறரும்’ என்று முடித்திருந்தார் நச்சினார்க்கினியர். அந்தப் பிறர் யார், எந்த நூலில் சொன்னார், அந்த இடத்தில் என்ன பொருளில் சொன்னார் என்று எதுவும் தெரியவில்லை. முன்னும் பின்னும் தெரியாத ஓரடியை வைத்துக்கொண்டு இன்னொரு பாட்டின் பொருளைத் தெளிய வேண்டியிருந்தது.

நச்சினார்க்கினியரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவர்களுக்குப் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் மனப்பாடமாக இருந்திருக்கும். ஓரடி சொன்னால் மீதியை அவர்களே சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்ததற்கு எதற்குப் பெயர் என்று அவர் நினைத்திருந்தால் அது அன்றைக்கு நியாயம். ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்பது ஒரு காலத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் அந்த எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் நினைவில் இருந்த நூல்கள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் பெயர் மறந்த கட்டுகளாகக் கிடந்தன. இன்று உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தியை எழுதும்போது, இது யாருக்குத் தெரியும், எதுவரை தெரியும் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதற்குச் சான்று வேண்டாம். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் பெருகியதால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று எழுதினால் வேண்டும், இங்கே குடியிருப்பவர்களுக்கெல்லாம் அது தெரிந்த செய்தியாகவே இருந்தாலும்.

உ.வே.சா. அந்த மேற்கோள்களை விட்டுவிடவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சங்க நூல் ஏடுகளைத் தேடிப் படிக்கப் படிக்க, சிந்தாமணி உரையில் பார்த்த அடிகள் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக எதிர்ப்பட்டன. உரையில் தனியே நின்ற அடிக்கு அப்போதுதான் ஊரும் பேரும் கிடைத்தன. எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தம் பதிப்புகளின் முகவுரையில் எழுதினார். மேற்கோள் வந்த நூல்களைப் பட்டியலிட்டார். எவ்வளவு தேடியும் இடம் தெரியாத அடிகளை மறைக்கவும் இல்லை. அவற்றை விளங்கா மேற்கோள் என்று தனி அகராதியாகவே அச்சிட்டார். பின்னால் வருகிறவர் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. முழுதும் தெரிந்ததுபோல் எழுதி முடிப்பது அவருக்கு எளிது. தெரியாததை வரிசைப்படுத்தி வைத்ததால்தான் அவருடைய பதிப்புகளை இன்றும் நம்பி எடுக்கிறோம்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இன்னொரு வழியில் போனார். இசையும் கூத்தும் நிறைந்த நூலுக்கு உரை எழுத இசைநூலும் நாடகநூலும் வேண்டும். பெருநாரை, பெருங்குருகு போன்ற தொல்நூல்கள் இறந்துவிட்டன என்று முதலில் சொல்கிறார். பிறகு, தான் துணையாகக் கொண்டவை இவை என்று இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகியவற்றின் பெயரைத் தருகிறார். அதோடு, இவை முழுமையான பழைய நூல்கள் அல்ல என்பதையும் ஒளிக்காமல் குறிப்பிடுகிறார். இன்று நீங்கள் ஓர் ஆய்வேட்டின் முதல் இயலில் எழுத வேண்டிய செய்திகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எது இருந்தது, எது கிடைக்கவில்லை, எதை வைத்து எழுதுகிறேன், அது எந்த அளவுக்குத் தாங்கும் என்ற நான்கையும் அவர் சொல்லிவிட்டார்.

அதன் பயன் பல நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. பஞ்சமரபு என்ற பெயர் வெகுகாலம் அடியார்க்குநல்லார் உரையில் மட்டும் இருந்த பெயர். 1970களில் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் பழைய ஏட்டிலிருந்து அதைப் பதிப்பித்தார். கிடைத்த ஏடு உண்மையிலேயே அந்தப் பஞ்சமரபுதானா என்ற கேள்வி வருமல்லவா? பழைய பெயரைப் புதுச் சரக்குக்கு வைப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. அடியார்க்குநல்லார் பெயரோடு எடுத்துக்காட்டியிருந்த வெண்பாக்கள் இருந்ததால், ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உரைகல் கையில் இருந்தது. ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்த மேற்கோள், அவர் நினைத்தே பார்த்திராத ஒரு தலைமுறைக்குச் சாட்சியாக நின்றது.

இனி ஒரு சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் அறிக்கைகளில் மிகுதியாகப் பார்க்கப்போவது அதுதான். வளையாபதிப் பாடல் ஒன்றை நீங்கள் கட்டுரையில் எடுத்தாள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பில் என்ன எழுதுவீர்கள்? வளையாபதி என்று மட்டும் எழுதினால், முழுக் காப்பியத்தையும் கையில் வைத்துப் படித்ததாக ஆகிவிடும். அப்படிப் படித்தவர் இன்று யாரும் இல்லை. சரியான குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: வளையாபதிப் பாடல், புறத்திரட்டில் காட்டப்பட்டது, வையாபுரிப்பிள்ளை பதிப்பு, 1938, பாடல் எண் இன்னது. நூல் எது என்பதும் வருகிறது, நீங்கள் அதை எங்கே பார்த்தீர்கள் என்பதும் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. பிறர் காட்டியதை வைத்து எழுதுவதில் தவறில்லை. மூலத்தை நேரே பார்த்ததுபோல் எழுதுவதுதான் தவறு.

இந்தச் சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்தாததால் உயிர்கள் போயிருக்கின்றன. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தோம். அவர்களில் 11,882 பேருக்கு ஒரு முறையாவது அபின் வகை வலிமருந்து கொடுக்கப்பட்டது. முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகத் தெளிவான பதிவு இருக்கிறது. செய்தி அவ்வளவுதான். நோயாளிகள் செவிலியர் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை தின்றவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்பதும் அதில் இல்லை.

பிறகு ஒருவர் தம் கட்டுரையில், இந்த மருந்துகளுக்கு நோயாளிகள் அடிமையாவது அரிது என்று எழுதி இந்தக் கடிதத்தைச் சான்றாகக் காட்டினார். அடுத்தவர் அந்தக் கட்டுரையைப் பார்த்து அதே சான்றைக் காட்டினார். 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற புதிய வலிமாத்திரை சந்தைக்கு வந்தபின் இந்தக் கடிதத்தைக் காட்டுபவர்கள் எண்ணிக்கை மேலும் ஏறியது. நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்கும் பயமில்லை என்று எழுதிக்கொடுக்க அது துணையானது. அமெரிக்காவில் அபின் வகை மருந்துகளால் நேர்ந்த பேரழிவை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதற்கு இந்தக் கடிதம் மட்டுமே காரணம் அல்ல. ஆனால் மருத்துவர்களின் அச்சத்தைப் போக்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

கனடாவில் ஓர் ஆய்வுக்குழு 2017இல் செய்தது நூலகர் எவரும் செய்யக்கூடிய வேலை. அந்தக் கடிதத்தைக் காட்டிய எழுத்துகளை எல்லாம் தேடி எடுத்தார்கள். 608 கிடைத்தன. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தார்கள். அவற்றில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாகவே கடிதத்தைக் காட்டியிருந்தன. 491 எழுத்துகள், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற செய்தியையே சொல்லவில்லை. அதே இதழ் இப்போது அந்தப் பழைய கடிதத்தின் தலையில், இது கண்மூடித்தனமாகக் காட்டப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையைப் போட்டு வைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 608 எழுத்துகளிலும் சான்று இருந்தது. பெயரும் ஆண்டும் இருந்தன. வழி திறந்தே இருந்தும் அதில் பலர் நடக்கவில்லை. ஐந்து வாக்கியங்களைப் படிக்க ஒரு நிமிடம் போதும். நடந்து போய்ப் பார்த்த அந்தக் குழுவுக்கு, தவறு எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடிந்ததும் அதே சான்றுகளால்தான். பெயரும் ஆண்டும் இல்லாமல், ஆய்வுகள் சொல்கின்றன என்று மட்டும் எல்லோரும் எழுதியிருந்தால் அந்தத் தவறுக்கு வேரே தெரிந்திருக்காது.

மூலத்தைப் பார்க்காமல் சான்று காட்டியவரைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். சுவடி ஆராய்பவர்களுக்கு இது பழைய வித்தை. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்கிறார்கள், அல்லது இரண்டும் பிழையான ஒரே ஏட்டிலிருந்து வந்தவை. சரியான பாடம் எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஒரே மாதிரியான பிழைதான் உறவைக் காட்டிக்கொடுக்கும். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே முறையை அறிவியல் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். 1973இல் வந்த ஓர் இயற்பியல் கட்டுரையைச் சுமார் 4,300 பேர் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 குறிப்புகளில் பக்க எண், தொகுதி எண் போன்றவை தவறாக இருந்தன. 196 பேரும் தாங்களாகவே தவறியிருந்தால் 196 விதமாகத் தவறியிருக்க வேண்டும் அல்லவா? இருந்தவை 45 விதங்கள்தாம். ஒரே ஒரு தவறு மட்டும் 78 இடங்களில் அப்படியே திரும்பி வந்தது. ஒருவர் தட்டச்சில் தவறவிட்ட எண்ணை மற்றவர்கள் அவருடைய பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். மூத்த மாணவரின் அறிக்கையிலிருந்து துணைநூற்பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டும்போது உங்கள் ஆசிரியர் கண்ணில் படுவதும் இதுவே.

இது தமிழ் படிப்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் உள்ள கவலை, இயந்திரவியலும் கட்டுமானமும் படிக்க வந்த நமக்கு என்ன என்று நினைப்பவர்களுக்காக நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் நீங்கள் தினமும் பார்க்கும் லாரிகளில் போகும் எஃகுத் தகடுகளை உற்றுப் பாருங்கள். தகட்டில் ஓர் எண் குத்தியோ எழுதியோ இருக்கும். ஹீட் நம்பர் என்பார்கள். எந்த ஆலையில், எந்த உருக்கலில் ஊற்றிய எஃகு அது என்பதை அந்த எண்ணால் தெரிந்துகொள்ளலாம். ஆலை தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் அதே எண் இருக்கும். தகட்டை வெட்டினால் வெட்டிய துண்டுக்கும் அந்த எண்ணை மாற்றி எழுத வேண்டும். எழுதாமல் விட்ட துண்டு நல்ல எஃகாகவே இருக்கலாம், ஆனால் பரிசோதகர் அதை முக்கியமான வேலைக்கு எடுக்க விடமாட்டார். அறிக்கையில் நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணும் வெட்டி எடுத்த துண்டுதான்.

அதே எஃகை வைத்து ஒரு கணக்கைப் பார்ப்போம். கட்டுமானத்தில் மிகுதியாகப் புழங்கும் எஃகுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062. அதில் ஈ250 என்று ஒரு தரம். பெயரிலேயே 250 இருப்பதால், அதன் நெகிழ்வு வலிமை 250 மெகா பாஸ்கல் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். வலைத்தளங்களில் அப்படித்தான் இருக்கிறது, சென்ற ஆண்டு அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. தரநிலையைத் திறந்து அட்டவணையைப் பார்த்தால் அந்த எண்ணுக்கு ஒரு நிபந்தனை இருப்பது தெரியும். 2011ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தகடு 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமன் என்றால்தான் 250. 20 முதல் 40 வரை 240. 40ஐத் தாண்டினால் 230. கனமான எந்திரம் ஒன்றுக்கு 50 மில்லிமீட்டர் தடிமனில் அடித்தகடு வடிவமைக்கும் மாணவர் 250 என்று போட்டுக் கணக்கிட்டால், இல்லாத வலிமையை ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூட்டி எழுதிவிடுகிறார். எண்ணைத் தவறாகப் பார்த்து எழுதவில்லை. நிபந்தனையிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டார். மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற சொல்லை விட்டுவிட்டதும் இதே தவறுதான்.

சான்று இங்கே எப்படிக் காக்கும்? அடிக்குறிப்பில் ஐ.எஸ். 2062:2011, இழுவிசைப் பண்புகள் அட்டவணை, தரம் ஈ250, தடிமன் 40 மி.மீ.க்கு மேல் என்று எழுதக் கட்டாயப்படுத்தினால், அந்தக் கடைசிச் சொற்களை எழுதுவதற்காகவே அட்டவணையைத் திறக்க வேண்டிவரும். திறந்தால் 230 கண்ணில் படும். அதனால்தான் ஆண்டையும் அட்டவணையையும் கேட்கிறோம், வெறும் சடங்காக அல்ல. ஆண்டு ஏன் என்றால், தரநிலைகள் மாறும். ஈ250 என்ற பெயரே பின்னால் வந்தது. பழைய அறிக்கைகளில் அதே வகை எஃகு எஃப்இ 410 என்ற பெயரில் இருக்கும். ஆண்டு இல்லாத சான்றை வைத்துக்கொண்டு எந்தப் பதிப்பைத் திறப்பது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

ஆகவே நடைமுறையில் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வரியையோ எண்ணையோ குறிப்பேட்டில் எழுதும் அதே வேளையில், அதை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: புத்தகத்தின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்கம் அல்லது அட்டவணை. இணையத்தில் பார்த்தால் பார்த்த தேதி. இன்னொருவர் காட்டியதைப் பார்த்தால் அவர் பெயரும். அறிக்கை முடிந்தபின் சான்றுகளைத் தேடிச் சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், இறுதி வாரத்தில் பொருத்தமாகத் தெரியும் ஏதோ ஒரு நூலை ஒட்டிவைப்பதில்தான் முடியும். அப்படி ஒட்டிய சான்று இல்லாத சான்றைவிடக் கெடுதல். இல்லை என்றால் படிப்பவர் எச்சரிக்கையாக இருப்பார். இருப்பதாகக் காட்டினால் நம்பிவிடுவார்.

மூலத்தைப் பார்ப்பது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. இந்தியத் தரநிலைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றிப் படிக்கலாம். பழைய தமிழ் அச்சு நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே இல்லாதவற்றுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. படப்பையிலிருந்து தாம்பரம் போய் அங்கிருந்து போய்விடலாம். கட்டணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்வுக் கட்டுரை என்றால், பணம் கட்டாதீர்கள், விவரத்தை எழுதி மேசையில் கொடுங்கள். வேறு நூலகங்களின் வழியாகக் கேட்டு வாங்க முயற்சி செய்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செய்தியின் மூலம் கிடைக்காமல் போகலாம். அப்போது அதை அப்படியே எழுதுங்கள்: இந்த எண் இன்ன அறிக்கையில் இருக்கிறது, அந்த அறிக்கை சான்று தரவில்லை, மூலத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று உங்கள் துறை ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகளின் ஒரு நகலை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த ஆண்டிலிருந்து அவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கப்போகிறோம். அடுத்த ஆண்டு அதே எண்ணைத் தேடிவரும் மாணவர், நீங்கள் எதுவரை தேடினீர்கள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கலாம்.